ஸ்லாக், டீம்ஸ், வட்ஸ்அப்: நாளை குழுவுக்கு வருபவர் எதையெல்லாம் வாசிப்பார்?

அலுவலகக் குழுவில் ஒன்றை எழுதுமுன் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெரும்பாலானோர் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் யார் சேரக்கூடும் என்று யோசிப்பவர் குறைவு. கொழும்பு அலுவலகங்களில் புழங்கும் இந்த மூன்று செயலிகளும் பெரிதும் வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்பார்வையாளர்கள் மூவர் தமக்கென ஒரு குழு அமைத்து, தமக்குக் கீழே வேலை செய்யும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார்கள். கோப்புகளைத் தாமதமாகக் கொடுக்கிறார், இந்த வருடம் சம்பள உயர்வு தேவைதானா என்றெல்லாம் பேச்சுப் போகிறது. சில மாதங்களில் அவருக்கே பதவி உயர்வு கிடைக்கிறது. நல்லெண்ணத்தோடு அவரையும் குழுவில் சேர்க்கிறார்கள்.

அது ஸ்லாக்கில் பூட்டு அடையாளம் போட்ட தனிச் சேனலாக இருந்தால், அவர் மேலே நகர்த்திப் பார்த்தாலே போதும், தன்னைப் பற்றிய ஒவ்வொரு வரியும் கண்ணில் படும். தனிச் சேனலில் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடலும் சேர்ந்தே திறக்கிறது. பொதுச் சேனலாக இருந்திருந்தால் அவர் பதவி உயர்வு வரை காத்திருக்கவே வேண்டியதில்லை. விருந்தினர் கணக்கு வைத்திருப்பவர் தவிர்ந்த எந்த ஊழியரும், சேனலில் சேராமலே அதைத் தேடி வாசிக்கலாம். வாசித்தது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. உறுப்பினர் பட்டியலில் மூன்று பெயர் இருப்பதால் மூன்று பேர்தான் வாசிக்கிறார்கள் என்று நினைப்பது, ஸ்லாக் பாவிப்பவர்களிடம் நான் அதிகம் காணும் தப்புக்கணக்கு.

மைக்ரோசொஃப்ட் டீம்ஸில் நிலைமை இரண்டு விதம். டீம் ஒன்றின் வழக்கமான சேனலில் எழுதினால் ஸ்லாக்கின் கதைதான்: அந்த டீமுக்குப் பிறகு வருபவரும் ஆரம்பத்திலிருந்து வாசிக்கலாம். குழு அரட்டையாக இருந்தால் ஆளைச் சேர்க்கும்போதே ஒரு கேள்வி வரும்: பழையதைக் காட்ட வேண்டாமா, கடந்த சில நாட்களுக்கு உரியதை மட்டும் காட்டவா, முழுவதையும் காட்டவா? பதில் சொல்பவர் சேர்ப்பவர். எழுதிய மற்ற இருவரையும் யாரும் கேட்பதில்லை. அவசரத்தில் முழுவதையும் என்று தட்டிவிட்டால் நம் மேற்பார்வையாளர்களின் பாடு அதே பாடுதான். இருவர் மட்டும் பேசும் அரட்டையில் மூன்றாமவரைச் சேர்த்தால் மட்டும் புது அரட்டை தொடங்கும், பழையது அந்த இருவரோடு நின்றுவிடும்.

வட்ஸ்அப் இந்த ஒரு விடயத்தில் தாராளமாக மறைக்கிறது. புதியவரைச் சேர்த்தால் முந்தைய செய்திகள் தாமாக அவரிடம் போவதில்லை. ஆனால் அவருக்கு எல்லோருடைய தொலைபேசி எண்ணும் கிடைத்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் கைபேசியில் அவர் இருந்த காலத்து உரையாடல் முழுவதும் தங்கிவிடும். அலுவலகம் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் கணக்கை மூடியவுடன் அவருக்குக் கதவு அடைபட்டுவிடும்.

சக ஊழியர்கள் ஒருபுறம் இருக்க, நிர்வாகம் எவ்வளவு பார்க்கலாம்? வட்ஸ்அப்பில் குழுவுக்கு வெளியே இருக்கும் முதலாளிக்கு எதுவும் தெரியாது, உள்ளே இருப்பவர் படம்பிடித்து அனுப்பினாலொழிய. டீம்ஸில் தனி அரட்டை உட்பட எல்லாவற்றையும் உரிய அதிகாரம் உள்ள நிர்வாகி தேடி எடுக்கலாம். நிறுவனம் தக்கவைப்பு விதி போட்டிருந்தால், நீங்கள் அழித்த செய்தியின் பிரதியும் கண்ணுக்குத் தெரியாத கோப்புறையில் கிடக்கும். ஸ்லாக்கில் அது நிறுவனம் வாங்கிய திட்டத்தைப் பொறுத்தது. கீழ்நிலைத் திட்டங்களில் உரிமையாளர் தாமாக ஏற்றுமதி செய்யக்கூடியது பொதுச் சேனல்களை மட்டுமே. தனி உரையாடல்களுக்கு நீதிமன்ற ஆணை போன்ற காரணம் காட்டி ஸ்லாக்கிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயர்நிலைத் திட்டங்களில் அவற்றையும் எடுக்கும் வசதியைக் கேட்டுப் பெறலாம். உங்கள் அலுவலகம் எந்த வகை என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. உள்நுழைந்த நிலையில் இந்த முகவரிக்குப் போய் Retention & Exports பகுதியைப் பாருங்கள்:

```
my.slack.com/account/workspace-settings
```

அழித்தால் முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம், இலத்திரனியல் செய்திகளைச் சான்றாக முன்வைக்க இடமளிக்கிறது. பணிநீக்கத் தகராறு ஒன்றில் உங்கள் வட்ஸ்அப் வரி கோப்பில் அச்சாகி நிற்கலாம்.

ஆக, அந்த மேற்பார்வையாளர்கள் எங்கே பேசியிருக்க வேண்டும்? என் தெரிவு டீம்ஸ் அல்லது ஸ்லாக்தான், வட்ஸ்அப் அல்ல. ஊழியர் ஒருவரின் சம்பள விபரம், வேலையை விட்டுப் போகக்கூடிய மூன்று பேரின் சொந்தக் கைபேசிகளில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் புதியவரைப் பழைய குழுவில் சேர்க்கக்கூடாது. பதவி உயர்வு அறிவித்த அன்றே நால்வருக்கும் புதுச் சேனல் ஒன்றைத் திறந்து, பழையதை அப்படியே விட்டுவிட வேண்டும். பழையதற்குப் பூட்டு அடையாளம் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.