பயறு சேமிப்பு: காற்றுப்புகாப் பையா, உலோகக் குதிரா?

500 கிலோ பயறு அறுவடை செய்து, அதைப் பல மாதங்களில் சிறிது சிறிதாக நேரடியாக விற்க விரும்பும் சிறு விவசாயிக்கு இரண்டு வழிகள் உண்டு: 50 கிலோ கொள்ளும் பத்து மூவடுக்குப் பைகள் அல்லது ஒரே உலோகக் குதிர்.

இரண்டும் காற்றுப் புகாமல் மூடப்படுவதால் ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன. வயலிலிருந்தே பயற்றுக்குள் வந்துவிடும் வண்டுகளும் புழுக்களும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்ப்பதால், மருந்தில்லாமலே அவற்றின் வளர்ச்சி நின்றுபோகிறது. ஆனால் குதிரின் மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக்காற்று நுழைவதுடன், பயறு குறையக் குறைய மேலே காலி இடம் பெருகி, வண்டுகளுக்கு மீண்டும் ஆக்சிஜன் கிடைக்கிறது. பைகளிலோ ஒன்றைப் பிரித்தாலும் மற்ற ஒன்பதும் மூடியபடியே இருக்கும். ஆகவே பகுதி பகுதியாக விற்பவருக்குப் பைகளையே நான் பரிந்துரைப்பேன்.

எலித்தொல்லை மிகுந்த இடத்தில் மட்டும் இந்த முடிவு மாறும். எலி கடித்த பை காற்றைத் தடுக்காது, குதிரின் தகட்டையோ எலியால் துளைக்க இயலாது. ஆயினும் குதிர் வெயில் படும் இடத்தில் இருந்தால், பகலில் சூடாகி இரவில் குளிரும் தகட்டின் உட்புறத்தில் நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஈரமான பயற்றை அடைக்கலாகாது. உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் பயற்றுடன் காய்ந்த உப்பையும் இட்டுச் சில நிமிடங்கள் குலுக்கிச் சற்று வைத்தபின், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது என்று பொருள். மேலும் காயவைக்க வேண்டும்.