மதுரைல இருந்து சென்னைக்கு மணிய ரயில்ல கூட்டிட்டு வந்த கதை

இந்த தடவ லீவுல ஊருக்கு வந்ததே அம்மாவ அக்கா வீட்டுக்கு கொண்டு போய் விடுறதுக்குத்தான். அப்பா போனதுக்கு அப்புறம் மதுரை வீட்ல அம்மாவும் மணியும் மட்டும்தான். மணி எங்க வீட்டு நாட்டு நாய், ஒம்பது வயசு, 22 கிலோ. மணி வராம நானும் வரமாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க, அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. கார்ல போகலாம்னா மணிக்கு அரை மணி நேரத்துலயே வாந்தி வந்துரும். அதனால ரயில்னு முடிவாச்சு.

நான் இருக்குறது ஜெர்மனில. அங்க பெரிய நாய்க்கு பாதி டிக்கெட் வாங்கி, வாய்ல கவசம் போட்டு, காலடில படுக்க வச்சு கூட்டிட்டுப் போயிரலாம். அதே நினைப்புல இங்கயும் ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டு டிக்கெட் போட்டா போதும், மணிக்கு ஸ்டேஷன்ல காசு கட்டிக்கலாம்னு இருந்துட்டேன். அந்த நாள் நாங்க போகவே இல்ல, டிக்கெட் பணமும் திரும்ப வரல. எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதே இடத்துலதான் மாட்டுறாங்க.

நாய ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி, சேர் கார் எதுலயும் ஏத்த முடியாது. கூடைக்குள்ள அடங்குற குட்டினா வேற கணக்கு, அதுக்கும் காசு கட்டணும். வளந்த நாய கூடவே வச்சுக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசி மட்டும்தான், அதுலயும் அந்த அறை முழுக்க உங்களோடதா இருக்கணும். ஃபர்ஸ்ட் ஏசி பெட்டில ரெண்டு மாதிரி அறை இருக்கு, நாலு படுக்கை இருக்கறது கேபின், ரெண்டு படுக்கை இருக்கறது கூபே. ரெண்டு பேர் போனா கூபேதான் கிடைக்கணும். ஆனா ஐஆர்சிடிசில புக் பண்றப்ப கூபே வேணும்னு நீங்களே எடுத்துக்க முடியாது. டிக்கெட் கன்ஃபர்ம்னு வரும், படுக்கை நம்பர் வராது, சார்ட் போடுறப்பதான் யாருக்கு எந்த அறைன்னு முடிவாகும். எங்களுக்கு கேபின்ல ரெண்டு படுக்கை விழுந்துச்சு, மத்த ரெண்டு படுக்கைல வேற ஆளுங்க. பார்சல் ஆபீஸ்ல சார்ட்ட பாத்துட்டு இதுக்கு நாய் பில் போட முடியாதும்மான்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்.

வேணும்னா வண்டியோட கடைசில, ரயில் கார்டு வர்ற பெட்டில இருக்குற நாய்க் கூண்டுல விடுங்கன்னாங்க. போய் பாத்தேன். இரும்புத் தகடு, காத்துக்கு ஓட்டை, மணி நேரா நின்னா தலை மேல இடிக்கும். தண்ணி, சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு, ஆனா வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கிற ஸ்டேஷன்ல நம்ம பெட்டில இருந்து கடைசி வரைக்கும் ஓடிப் போய் தண்ணி வச்சுட்டு திரும்ப வர முடியுமா சொல்லுங்க. சின்ன நாய், பகல் நேரம், ரெண்டு மணி நேரப் பயணம்னா யோசிக்கலாம். வயசான நாய ராத்திரி முழுக்க அதுக்குள்ள விட எனக்கு மனசு வரல, வீட்டுக்குத் திரும்பிட்டோம்.

ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணோம். இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் திறக்குது, ஃபர்ஸ்ட் ஏசில இடமே கொஞ்சம்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல, வார நடுவுல ஒரு நாளா பாத்து ரெண்டு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்ல போட்டேன், தனித்தனியா போட்டா ஒரே அறை விழும்னு நம்ப முடியாது. அப்புறம் கோட்ட வணிக மேலாளருக்கு ஒரு லெட்டர். பெருசா ஒண்ணும் இல்ல, வண்டி நம்பர், தேதி, பிஎன்ஆர், ரெண்டு பேர் பேரு, நாயோட இனம், நிறம், வயசு, "நாயுடன் பயணம் செய்வதால் கூபே ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு ஒரு வரி. டிக்கெட் நகல், ஆதார் நகல், மணியோட ஊசி கார்டு நகல் மூணையும் சேத்து நேர்லயே கொடுத்து, இன்னொரு பிரதில சீல் வாங்கிக்கிட்டேன். பயணத்துக்கு முந்தின நாள் திரும்பப் போய் ஞாபகப்படுத்தினேன். லெட்டர் கொடுத்தா கூபே நிச்சயம்னு இல்ல, ஆனா கொடுக்கலன்னா அது வெறும் அதிர்ஷ்டம். சார்ட் வந்ததும் பாத்தோம், கூபே. அம்மா உடனே சாமி ரூமுக்குப் போயிட்டாங்க.

கால்நடை டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் சர்டிபிகேட்ட கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் வாங்கணும், 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள எழுதினதா இருக்கணும்னு எதிர்பாக்குறாங்க. ஒரு வாரம் முன்னாடியே வாங்கி வச்சா வேஸ்ட். வெறிநாய்க்கடி ஊசி தேதி கார்டுல தெளிவா தெரியணும், எங்க கார்டுல மை அழிஞ்சிருந்துச்சு, டாக்டர்கிட்ட கொடுத்து திரும்ப எழுதி வாங்கினேன்.

வண்டிக்கு மூணு மணி நேரம் முன்னாடி மணியோடயே பார்சல் ஆபீஸ் போயிட்டோம், நாய் இல்லாம பேப்பர மட்டும் நீட்டினா வேலைக்கு ஆகாது. டிக்கெட், சர்டிபிகேட் எல்லாம் பாத்து லக்கேஜ் ரேட்ல பில் போட்டாங்க. ஃபர்ஸ்ட் ஏசிக்கு 70 கிலோ ஃப்ரீ லக்கேஜ் இருக்கு, ஆனா அது பெட்டி படுக்கைக்குத்தான், நாய அதுல கழிக்க முடியாது. டிக்கெட் விலையோட பாத்தா அந்தத் தொகை சின்னதுதான். பில் போடாம ஏத்தி மாட்டினா லக்கேஜ் ரேட்ல ஆறு மடங்கு கட்டணும். எங்களுக்கு முன்னாடி ஒரு தம்பி சைக்கிள் புக் பண்ணிட்டு இருந்தான், பெடல கழட்டி, சாக்கு சுத்தி, பேரும் போற ஊரும் பெருசா எழுதிருந்தான். டிக்கெட்ட காட்டி லக்கேஜா போட்டா அதே வண்டில கார்டு பெட்டில வரும், டிக்கெட் இல்லாம பார்சலா போட்டா அது எந்த வண்டில வருமோ அதுலதான் வரும், சைக்கிள்காரங்க இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மணிக்கு மதியத்தோட சாப்பாட்ட நிறுத்திட்டோம், தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பாத்து பயந்து நின்னுருச்சு, போர்ட்டர் அண்ணன் ஒருத்தர்தான் பின்னங்கால தாங்கி ஏத்தி விட்டார். கூபேல கதவ மூடினதும் பத்து நிமிஷம் மூச்சு வாங்கிச்சு, அப்புறம் அம்மா பழைய சேலைய கீழ விரிச்சதும் அந்த வாசத்துக்கு சுருண்டு படுத்துருச்சு. ஏசி குளிருக்கு ரயில்வே போர்வைய தொடல, வீட்டுப் போர்வைதான். வீட்ல வளந்த நாய் உள்ள ஒண்ணுக்கு போகாது, பேப்பர் விரிச்சா மோந்து பாத்துட்டு அடக்கிக்கும். அதனால எங்க வாசல் மண்ண ஒரு பிளாஸ்டிக் ட்ரேல கொண்டு வந்திருந்தோம், விழுப்புரம் தாண்டினதும் எழுந்து அதுல போச்சு. டிடிஇ வந்து பில்ல பாத்தார், மணியப் பாத்தார், பேரக் கேட்டுட்டு கதவ சத்தமில்லாம சாத்திட்டுப் போனார்.

எழும்பூர்ல இறங்கினதும் வாசல்லயே மெட்ரோ இருக்கு, அக்கா வீடு திருமங்கலம், நேரா போயிரலாம்னு தோணும். ஆனா சென்னை மெட்ரோல செல்லப்பிராணிக்கு அனுமதி இல்ல. அதனால முந்தின நாளே ஒரு டிரைவர்கிட்ட நாய் வரும், சீட்ல விரிக்க எங்க துணி இருக்கு, தூரமும் கம்மிதான்னு சொல்லி வச்சிருந்தோம். விடிகாலைல புக் பண்ணிட்டு வந்த அப்புறம் நாயக் காட்டினா பாதி பேர் கேன்சல் பண்ணிருவாங்க. எங்க டிரைவர் சரியா வந்து நின்னார், ஜன்னல பாதி இறக்கி விட்டார். திருமங்கலம் வர்ற வரைக்கும் மணி வாந்தி எடுக்கல.