தட்டம்மை ஊசி: ஆறாம் மாதமா, ஒன்பதா, பன்னிரண்டா?

"பிள்ளை நல்லாப் பால் குடிக்குது, அம்மையெல்லாம் அண்டாது. ஊசியை ஒரு வயசுக்கு மேல போட்டுக்கலாம்." எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் மறுத்துப் பேசவும் கஷ்டமாக இருக்கிறது.

குழந்தைக்குத் தாய் தரும் காவல் இரண்டு வகை. முதலாவது நஞ்சுக்கொடி வழியாக வருவது. ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை மட்டும் நஞ்சுக்கொடியின் செல்கள் பிடித்து, குழந்தையின் ரத்தத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன. இதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போகிறது. நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடக் கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கும். குறைமாதத்தில் பிறந்தால் சேமிப்பு குறைவு.

இரண்டாவது தாய்ப்பால். அதில் மிகுதியாக இருப்பது வேறொரு ஆன்டிபாடி, ஐஜிஏ. அது குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் படிந்து கிருமிகளை ஒட்டவிடாமல் தடுக்கிறது. வயிற்றுப்போக்கிலிருந்து அது நன்றாகக் காக்கிறது, மூச்சுத்தொற்றையும் குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் அது அநேகமாகச் சேர்வதில்லை. மாட்டுக்கு நேர்மாறு. பசுவின் நஞ்சுக்கொடி ஆன்டிபாடியைக் கடத்தாது. கன்று முதல் நாளிலேயே சீம்பால் குடித்து, குடல் வழியாக ரத்தத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மனிதக் குழந்தைக்கு அந்த வழி இல்லை. தட்டம்மையோ மூச்சுவழி நுழைந்து உடல் முழுவதும் பரவும் நோய். அதைத் தடுக்க ரத்தத்தில் ஆன்டிபாடி வேண்டும். ஆகவே நஞ்சுக்கொடி தந்த இருப்பு தீர்ந்தால், பாலால் அதை ஈடுகட்ட முடியாது.

அந்த இருப்பு எப்போது தீரும்? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காக்கும் அளவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வது 120 அலகு. சிறுவயதில் தட்டம்மையே வந்துபோன தாயின் குழந்தை 1920 அலகுடன் பிறந்தால், ஆறாம் மாதம்தான் 120-க்கு இறங்கும். ஊசி மட்டுமே போட்டுக்கொண்ட தாய்க்கு ஆன்டிபாடி குறைவாகவே இருக்கும். அவர் குழந்தை 480-உடன் பிறந்தால், மூன்றாம் மாதமே அந்தக் கோட்டுக்கு வந்துவிடும். இன்றைய இளம் தாய்மார்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

சரி, அப்படியானால் ஆறாம் மாதமே ஊசி போட்டால் என்ன? ஊசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது உடலில் கொஞ்சம் பெருகினால்தான் குழந்தையின் உடல் அதை இன்னாரென்று கற்றுக்கொள்ளும். மிச்சமிருக்கும் தாயின் ஆன்டிபாடி, பெருகுவதற்கு முன்பே அதை அமுக்கிவிடுகிறது. நோயைத் தடுக்கப் போதாத அளவுகூட ஊசியைக் கெடுக்கப் போதும். இதைத் தாண்ட ஒரு வழி பார்த்தார்கள். வைரஸின் அளவைப் பல மடங்கு கூட்டி ஆறாம் மாதம் போடலாம் என்று 1989-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. செனகல், கினி-பிசாவு ஆய்வுகளில் அந்த ஊசி போட்ட பெண் குழந்தைகளிடையே பின்னாளில் இறப்பு கூடியது தெரிந்ததும், 1992-இல் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. இப்போது ஊரில் நோய் பரவுவது போன்ற சில சமயங்களில் ஆறு மாதத்தில் வழக்கமான அளவு ஊசி போடுவதுண்டு. அது கணக்கில் சேராது. வழக்கமான தவணைகளை அப்புறம் போட்டே ஆக வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம் போட்டால் பலன் அதிகம்: நூற்றுக்கு 95 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒன்பதில் சுமார் 85. எண்ணை மட்டும் பார்த்தால் பன்னிரண்டுதான் சரி. அமெரிக்கா போலத் தட்டம்மை அரிதான நாடுகள் 12 முதல் 15 மாதத்தில் போடுவது அதனால்தான். ஆனால் நோய் சுற்றித் திரியும் ஊரில், காவல் தீர்ந்த குழந்தையை இன்னும் மூன்று மாதம் வெறுமையாக விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு வயதுக்குள் வரும் தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடியது. இந்தியாவில் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் தவணை பிடிக்காமல் போன அந்தப் பதினைந்து பேரில் அநேகரை இரண்டாவது பிடித்துவிடும். அதனால் என் தேர்வு ஒன்பதுதான், இரண்டாவதைத் தவறவிடாத வரை.

ஊசி போடும் நாளில் பாலை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஊசி தோலுக்கடியில் போகிறது, பாலின் ஐஜிஏ குடலில் நிற்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. குத்தியதும் அழும் பிள்ளையை அங்கேயே மடியில் போட்டுப் பால் கொடுக்கலாம்.