மூன்று கூடையா, அடுக்கு டிராயரா, இரண்டு வாளியும் ஒரு பையுமா? சின்ன ஃபிளாட்டில் குப்பை பிரிக்க எது சரிவரும்

குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பலரும் முதல் வேலையாகக் கடைக்குப் போய், பச்சை, நீலம், சிவப்பு என்று ஒரே அளவில் மூன்று கூடைகள் வாங்கி வருகிறார்கள். இடம் போதவில்லை என்ற புலம்பல் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. மக்கும் குப்பை கனமானது, கொஞ்சமாகச் சேரும், தினமும் வெளியே போயாக வேண்டும். மக்காத குப்பைக்குக் கனமே இல்லை, ஆனால் இடத்தை அடைக்கும். வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது. நாப்கின், டயப்பர் போன்ற மூன்றாவது வகை குளியலறையில் உருவாகிறது, சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு வேறுபட்ட மூன்றுக்கும் ஒரே அளவில், ஒரே இடத்தில் கூடை வைப்பதுதான் சிக்கல்.

ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம். சென்னையில் மூன்றாவது மாடியில் 550 சதுர அடி வீடு, நான்கு பேர். சமையலறை எட்டுக்கு ஆறு அடி. சமையல் மேடைக்குக் கீழே சிலிண்டரும் தண்ணீர்க் கேனும், ஃபிரிட்ஜ் ஹாலில். பின்னால் வாஷிங் மெஷின் மட்டும் நிற்கும் அளவுக்கு ஒரு குட்டி பால்கனி. தூய்மைப் பணியாளர் காலையில் பேட்டரி வண்டியில் வருவார்.

இந்த வீட்டில் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, தட்டில் மிஞ்சியது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வரும். தண்ணீரை வடித்துவிட்டால் இரண்டு, இரண்டரை லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். பால் பாக்கெட், பிஸ்கட் கவர், பார்சல் டப்பா, ஆன்லைன் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் மடித்து நசுக்கினால் வாரத்துக்கு 25, 30 லிட்டர். பெருக்கிய தூசி, முடி, நாப்கின் வகையறா வீட்டுக்கு வீடு மாறும், ஆனாலும் நாளைக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது அரிது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

வரிசையாக மூன்று பெடல் கூடைகள்

பத்து லிட்டர் பெடல் கூடை ஒன்றுக்குத் தரையில் ஓரடி இடம் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து மூன்றடி. ஆறடி அகலச் சமையலறையில் பாதியை அதற்கே கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை அளவில்தான் இருக்கிறது. இரண்டரை லிட்டர் சேரும் மக்கும் குப்பைக்குப் பத்து லிட்டர் கூடை வைத்தால், “இன்னும் நிறையவில்லையே, நாளைக்குக் கொட்டலாம்” என்றுதான் தோன்றும். சென்னை வெயிலில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அடுத்த நாள் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புழு நெளியும். பக்கத்தில் இருக்கும் மக்காத குப்பைக் கூடையோ இரண்டு மூன்று நாளில் வழியத் தொடங்கிவிடும். வழிந்ததைக் கையில் வைத்திருப்பவர் காலியாகத் தெரியும் கூடையில் போடுவார். பிரித்தது கலப்பது இப்படித்தான், யாருடைய அக்கறைக் குறைவாலும் அல்ல.

அடுக்கு டிராயர்

ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று டிராயர் கொண்ட பிளாஸ்டிக் அடுக்கு தரையில் ஓரடிக்கு ஒன்றேகால் அடி இடத்தில் நின்றுவிடும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் இது துணி, பொம்மை வைப்பதற்கு ஏற்ற வடிவம். ஈரக் கையில் வாழைப்பழத் தோலைப் பிடித்துக்கொண்டு டிராயரை இழுக்க வேண்டும். டிராயருக்கு இறுக்கமான மூடி கிடையாது, பின்பக்கம் விரலளவு சந்து இருக்கும், கரப்பான் குடியேற அது போதும். மக்கும் குப்பையை மேல் தட்டில் வைத்தால் சாறு கீழே உள்ள பேப்பரில் இறங்கும், அடித் தட்டில் வைத்தால் நாளைக்குப் பத்து முறை குனிய வேண்டும்.

இதற்கும் ஏற்ற வீடுகள் உண்டு. ஆணி அடிக்கவே கூடாது என்று சொல்லும் வாடகை வீட்டில், சமைப்பதே குறைவாக இருக்கும் இரண்டு பேருக்கு, மேல் இரண்டு தட்டுகளையும் மக்காத குப்பைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நன்றாகவே பயன்படும். மக்கும் குப்பையை மட்டும் இதில் வைக்கக் கூடாது.

சிங்குக்குக் கீழே இழுக்கும் கூடைகள்

மாடுலர் கிச்சன் இருந்து, சிங்குக்குக் கீழே இரண்டடி அலமாரி காலியாக இருந்தால் இது வசதிதான். நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அங்கே சிலிண்டர் இருக்கிறது, அதனால் பேச்சு அங்கேயே முடிகிறது. அலமாரி உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்க் குழாய் லேசாகக் கசிந்தாலும், மூடிய அலமாரியின் ஈரமும் குப்பையும் சேர்ந்து கரப்பான் பெருகும்.

இரண்டு வாளி, ஒரு பை

பெங்களூருவில் 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்ற உத்தரவோடு நடைமுறைக்கு வந்த முறை இது. மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, நாப்கின், டயப்பர், தூசி போன்றவற்றுக்குச் சிவப்பு வாளி, மக்காத குப்பைக்கு ஒரு பை. சின்ன வீட்டுக்கு இதைத்தான் நான் தயங்காமல் சொல்வேன். காரணம் அந்தப் பைதான். பை தரையில் இடம் கேட்காது, காலியாக இருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், நிறைய நிறையத்தான் விரியும். மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது.

நம் வீட்டில் இதை அமைத்துப் பார்ப்போம். சிங்குக்குப் பக்கத்தில், மேடையின் மேலேயே, மூடியுள்ள ஐந்து லிட்டர் வாளி ஒன்று. ஒரு சாண் அகலம்தான் பிடிக்கும். ஒரு நாள் வண்டி வராவிட்டாலும் தாங்கும், இரண்டாம் நாள் கொட்டாமல் இருக்கவும் முடியாது. அடியில் செய்தித்தாள் ஒரு தாளை மடித்துப் போட்டால் போதும், பிளாஸ்டிக் பை வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம். மக்கும் குப்பையைப் பையில் கட்டிக் கொடுத்தால் அதைப் பிரித்துக் கொட்டும் வேலை வண்டியில் நிற்கும் அம்மாவின் கைக்குப் போகிறது என்பது எனக்கு இன்னும் முக்கியம்.

நாற்றத்தைக் குப்பையில் இருக்கும் தண்ணீர்தான் கிளப்புகிறது. மிஞ்சிய சாம்பார், ரசத்தை சிங்கில் ஒரு பழைய வடிகட்டி வைத்து வடித்துவிட்டு, திப்பியை மட்டும் வாளியில் போட வேண்டும். காலையில் கொட்டும்போது அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடிப்பதில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். மீன் கழுவிய நாளில் செதிலையும் குடலையும் ஒரு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டி வரும்போது எடுத்துக் கொட்டுவதுதான் மூடிய ஃபிளாட்டுக்கு ஏற்ற வழி.

மக்காத குப்பைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 25 கிலோ அரிசிப் பை ஏறக்குறைய 30 லிட்டர் கொள்ளும், நம் ஒரு வாரக் கணக்குக்குச் சரியாக வருகிறது. பால்கனிக் கதவின் பின்னால் இரண்டு கொக்கி அடித்து, பையின் வாய் திறந்தே இருக்கும்படி மாட்டலாம். ஒற்றைக் கொக்கியில் மாட்டினால் வாய் மூடிக்கொள்ளும், அவசரத்தில் பொருள் கீழே விழும். மழைக்காலத்தில் சாரல் படாத பக்கம் வைக்க வேண்டும், பேப்பர் நனைந்தால் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார்.

இந்தப் பை நாறவே கூடாது. நாறினால் பெரும்பாலும் குற்றவாளி பால் பாக்கெட்தான். மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காமல், துண்டு தொங்கிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். அந்தக் குட்டித் துண்டு தனியாகப் போனால் யாராலும் பொறுக்க முடியாது. பாலை ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பாலோடு சேர்த்துவிட்டு, பாக்கெட்டை சிங்க் ஓரத்தில் கவிழ்த்துக் காயவிட்டால் முடிந்தது. தயிர், மாவு பாக்கெட்டுகளும் அப்படியே. பிரியாணி டப்பா பிளாஸ்டிக் என்றால் ஒரு அலசு அலசி இங்கே போடலாம். எண்ணெய் ஊறிய அட்டை என்றால் கிழித்து மக்கும் வாளிக்கு.

அப்புறம், ஹாலிலும் படுக்கையறையிலும் இருக்கும் பொதுக் குப்பைக்கூடைகளை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் விழுங்கும் கூடை ஒன்று வீட்டில் இருக்கும்வரை பிரிப்பது நிலைக்காது. இடமும் மிச்சம்.

சிவப்பு வாளி எதற்கு?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்ன மூன்றாவது வகை, பேட்டரி, டியூப்லைட், காலாவதி மருந்து, ஊசி போன்ற வீட்டு அபாயக் கழிவு. நாப்கினையும் டயப்பரையும் சுற்றி மக்காத குப்பையோடு போடச் சொன்னது அந்த விதி. அப்படிச் செய்தால் கழுவிக் காயவைத்த பையும் பாழாகிறது, அதைக் கையால் தரம் பிரிப்பவரும் சிரமப்படுகிறார். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் மக்கும், மக்காத, சுகாதார, சிறப்புக் கவனக் கழிவு என்று நான்காகப் பிரிக்கின்றன. நாப்கின் தனி வகையாகிவிட்டது, பேட்டரியும் மருந்தும் சிறப்புக் கவனக் கழிவில் வருகின்றன.

அதனால் தினப்படி சிவப்பு வாளி சுகாதாரக் கழிவுக்குத்தான். குளியலறைக் கதவோரம், மூடியுள்ள மூன்று லிட்டர் வாளி போதும். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டால் எடுப்பவருக்குப் பிரித்துப் பார்க்கும் அவசியம் வராது. பெருக்கிய தூசியும் முடியும் இதிலேயே போகலாம் என்பது பெங்களூரு வழக்கம். உங்கள் தெருப் பணியாளர் அதை எதில் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஷாம்பு சாஷேவும் பற்பசைக் குழாயும் குளியலறையில் காலியானாலும் மக்காத குப்பைதான்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு மாறும். ஒரு நாளைக்கு ஐந்தாறு டயப்பர் என்றால், இறுக்கிச் சுருட்டி ஒட்டினாலும் மூன்று லிட்டர் ஆகும். அப்போது சிவப்பு வாளியும் பச்சையைப் போல ஐந்து லிட்டராக இருக்க வேண்டும், தினமும் போக வேண்டும், இடமும் குளியலறையிலிருந்து பால்கனிக்கு மாற வேண்டும்.

பேட்டரிக்கும் மருந்துக்கும் வாளியே தேவையில்லை. ஒரு செருப்பு டப்பா பரணில் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடியை மட்டும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி அதே டப்பாவில் வைக்க வேண்டும். டப்பா நிறைந்ததும் எதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லி, பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். மற்ற குப்பையோடு சேர்த்து வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.