விலைப்பட்டியலில் மாறியதை நிறத்தால் பிடிப்பது: நெடுநாள் அனுபவம்

குழாய்ச் சாமான் மொத்தக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. புதிய பட்டியல் வந்ததும் எந்த விலை மாறியது என்று எக்செலில் பார்ப்பதற்கு நான் நம்பியிருப்பது Conditional Formatting. A நெடுவரிசையில் பொருள் குறியீடு, B-யில் பழைய விலை, C-யில் புதிய விலை. C2 முதல் கடைசி விலை வரை மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுத்து, New Rule-இல் "Use a formula to determine which cells to format" என்பதில் இதை இடுகிறேன்:

```
=$B2<>$C2
```

கீழிருந்து மேலாகத் தேர்ந்தெடுத்தால் எக்செல் இந்தச் சூத்திரத்தைக் கடைசி வரிசைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும்; நிறம் சம்பந்தமில்லாத வரிசைகளில் விழும்.

இந்த விதி பொய்யாகவும் கத்தும், கத்த வேண்டிய இடத்தில் வாயையும் மூடிக்கொள்ளும். இரண்டிலும் 1250 என்றே தெரிந்தும் நிறம் வந்தால், ஒன்று எண், மற்றது எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண். எழுத்தானது பெரும்பாலும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணமும் தெரியும். இது தொல்லைதான், ஆபத்தில்லை. ஆபத்து மற்றொன்றில்: காலிக் கட்டத்தையும் 0-வையும் இந்த விதி சமம் என்று கொள்கிறது. தள்ளுபடி பழையதில் 0, புதியதில் எதுவுமே நிரப்பவில்லை என்றால் நிறம் வராது. எங்களுக்கு 0 என்றால் தள்ளுபடி கிடையாது. காலி என்றால் இன்னும் முடிவாகவில்லை. அதனால் தள்ளுபடி நெடுவரிசைகளுக்கு மட்டும் NOT(EXACT(…)) வைத்திருக்கிறேன். அது இந்த வேறுபாட்டைப் பிடிக்கும். ஆனால் எண் 1250-ஐயும் எழுத்து 1250-ஐயும் ஒன்றென்றே விட்டுவிடும்.

இவ்வளவும் வரிசைகள் நேருக்கு நேர் இருக்கும்வரைதான். புதிய பட்டியலில் நடுவே ஒரு பொருள் நுழைந்துவிட்டால் அங்கிருந்து அடிவரை ஏறக்குறைய எல்லாமே நிறமேறிவிடும். அப்படித் தெரிந்தால் விலைகளை ஆராயாதீர்கள், வரிசை நகர்ந்திருக்கிறது. நான் புதிய பட்டியலைக் குறியீட்டோடு E, F-இல் ஒட்டிவிட்டு, B-யின் விலைகளைத் தேர்ந்தெடுத்துக் குறியீட்டின் வழியே ஒப்பிடுகிறேன்:

```
=$B2<>VLOOKUP($A2,$E$2:$F$900,2,FALSE)
```

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பொருளுக்கு VLOOKUP பிழையைத் தரும். பிழை வந்தால் எக்செல் நிறம் பூசாது. விலை மாறாத பொருளும் அடியோடு காணாமல் போன பொருளும் ஒரே மாதிரி வெள்ளையாக நிற்கும். ஆகவே காணாமல் போனவற்றுக்கு வேறு நிறத்தில் இன்னொரு விதி:

```
=ISNA(MATCH($A2,$E$2:$E$900,0))
```

புதிதாகச் சேர்ந்த பொருள்களுக்கு E-யிலும் இதையே திருப்பிப் போட வேண்டும். பாதிப் பட்டியல் இந்த நிறத்தில் வந்தால் பெரும்பாலும் குறியீடு ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கும்.

ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் விதியே வேண்டாம். வரிசைகள் ஒத்திருக்கும்போது இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து Ctrl+\ அழுத்தினால் மாறிய கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். நிறத்தை நாமே பூசிக்கொள்ளலாம். பிறகு விலையைத் திருத்தினால் அந்த நிறம் தானாக மாறாது. தினமும் திருத்தப்படும் பட்டியலுக்கு நான் இதைத் தொடுவதில்லை.