ஜிங்க்கா, அலுமினியமா, லெட்டா? மடிஞ்ச பேப்பர்ல உப்பு கண்டுபிடிக்கிறது

அக்கா பையன் ப்ராக்டிகல் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினான். உப்பு வெள்ளை, தண்ணியில போட்டா நிறமில்லாத கரைசல். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டா வெள்ளை வீழ்படிவு, அதிகமா விட்டா கரைஞ்சிடுது. அடுத்த வரி அம்மோனியா, அதுலயும் வெள்ளை வீழ்படிவு, ஆனா அதிகமா விட்டா என்னாச்சுங்கிற இடத்துல பேப்பர் மடிஞ்சு "கரை" வரைக்கும்தான் தெரியுது. அது கரைந்தது-வா கரையவில்லை-யா? மொத்த விடையும் அந்த மடிப்புக்குள்ள இருக்கு.

ஏன்னா சோடியம் ஹைட்ராக்சைடுல ஜிங்க், அலுமினியம், லெட் மூணும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும். அம்மோனியாதான் பிரிக்கும், ஜிங்க் மட்டும் அதிக அம்மோனியாவுல கரையும், மத்த ரெண்டும் அப்படியே நிக்கும். பையன் அலுமினியம்னு எழுதிட்டான், அவன் ஃப்ரெண்ட் லெட்ங்கிறான்.

நான் மடிப்பை விட்டுட்டு மேல இருந்த சூடாக்குற வரிக்கு போனேன். "உருகியது, குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளிகள், பழுப்பு வாயு, சூட்டில் மஞ்சள், ஆறியதும் வெள்ளை." பழுப்பு வாயு நைட்ரேட்டை காட்டுது, கீழ பழுப்பு வளையமும் வந்திருக்கு, அதுல சண்டை இல்ல. ஆனா மூணு நைட்ரேட்டும் பழுப்பு வாயு விடும், அதனால வாயுவை வச்சு உலோகத்தை சொல்ல முடியாது, மிஞ்சுற பொடியைத்தான் பாக்கணும்.

லெட் நைட்ரேட் படிகத்துல தண்ணியே கிடையாது, சூடாக்கினா படபடன்னு வெடிக்கும், மிஞ்சுற ஆக்சைடு ஆறினப்புறமும் மஞ்சளாவே இருக்கும். அலுமினியம் நைட்ரேட்ல தண்ணி உண்டு, ஆனா அதோட ஆக்சைடு சூட்டுலயும் வெள்ளை, ஆறினாலும் வெள்ளை. சூட்டுல மஞ்சள், ஆறினா வெள்ளைன்னு மாறுறது மூணுல ஜிங்க் ஆக்சைடு மட்டும்தான். அப்போ உப்பு ஜிங்க் நைட்ரேட், மடிப்புக்குள்ள இருந்தது "கரைந்தது". பேப்பரை விரிச்சு இன்னொரு போட்டோ அனுப்பினான், அதேதான்.

லெட் இல்லன்னு சொல்ல ஃப்ரெண்ட் கிட்ட இன்னொரு வரியும் இருந்துச்சு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல மாற்றமில்லை. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, லெட் குளோரைடு கொஞ்சம் கரையுற சரக்கு, கரைசல் ரொம்ப நீர்த்து இருந்தா லெட் இருந்தும் வீழ்படிவு வராம போகும். பொட்டாசியம் அயோடைடு போட்டு பளிச்சுன்னு மஞ்சள் வருதான்னு பாக்கறது இதைவிட நம்பகமானது.

லேப்ல இதே உப்பு வந்தா, சோடியம் ஹைட்ராக்சைடோ அம்மோனியாவோ சொட்டு சொட்டா விடுங்க, மொத்தமா ஊத்தினா வீழ்படிவு வந்து கரைஞ்சதே கண்ணுல படாது, "மாற்றமில்லை"ன்னு எழுதிட்டு வந்துடுவீங்க. சூடாக்கின குழாயையும் நல்லா ஆற விட்டு பாருங்க, பாதி சூட்டுல பாத்து மஞ்சள்னு எழுதினா அங்கயே லெட்டுக்கு போயிடுவீங்க.