தொடை வலிக்கும்போது எந்தக் கொழுப்பு மாத்திரை: அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின், பெம்பெடோயிக் அமிலம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் 54 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 162. அதை 100-க்குக் கீழே கொண்டுவர மருத்துவர் அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. எழுதித் தருகிறார். ஆறாவது வாரத்தில் எல்.டி.எல். 83-க்கு இறங்கிவிடுகிறது. ஆனால், "மாத்திரை போட்டதுல இருந்து ரெண்டு தொடையும் கனக்குது, டாக்டர்" என்கிறார். இனி அவருக்கு என்ன வழி?

ஸ்டாடின் எதைத் தடுக்கிறது என்பது தெரிந்தால்தான் மாற்று மருந்துகளை ஒப்பிட முடியும். கல்லீரல் செல் கொழுப்பைப் பல படிகளில் தயாரிக்கிறது; அவற்றில் வேகத்தை நிர்ணயிக்கும் படியை எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி நடத்துகிறது. ஸ்டாடின் அந்த நொதியில் போய் அமர்ந்து, அங்கே வரவேண்டிய மூலப்பொருளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. தயாரிப்பு குறைந்ததால் தட்டுப்பாட்டை உணரும் செல், தன் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளை அதிகமாக வைத்து, இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐ உள்ளே இழுத்துக்கொள்கிறது. பரிசோதனைத் தாளில் எண் குறைவதற்குத் தயாரிப்பு நின்றதைவிட இந்த இழுப்பே பெரிய காரணம். மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே கூடுதலாகக் குறைகிறது என்பதால், தொடை வலிப்பவர் 40-ஐ 20 ஆக்கினாலும் பலனில் பெரும்பகுதி கையில் இருக்கும்.

வலிக்கான காரணம் இவ்வளவு தெளிவாக இல்லை. அதே நொதி தசையிலும் இருக்கிறது. அதன் வழியில் கொழுப்பு மட்டுமன்றி, செல்லுக்கு வேண்டிய கோ-என்சைம் க்யூ10 போன்ற வேறு பொருள்களும் உருவாகின்றன. அவை குறைவதால் தசை சோர்கிறது என்ற விளக்கம் நியாயமாகத் தோன்றினாலும், இன்னும் உறுதியாகவில்லை. மறுபுறம், 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாடின், சில மாதங்கள் போலி மாத்திரை, சில மாதங்கள் வெறும் புட்டி என்று மாற்றி மாற்றித் தந்தார்கள். தொந்தரவின் சராசரி மதிப்பெண் புட்டி வெறுமையாக இருந்த மாதங்களில் 8, போலி மாத்திரையில் 15.4, ஸ்டாடினில் 16.3. அவர்கள் பட்ட வலி பொய்யல்ல; ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பால் வந்தது.

ஆகவே மருந்தை மாற்றுமுன் தைராய்டு, வைட்டமின் டி, தசை நொதியான சி.கே. ஆகியவற்றைப் பார்ப்பது முறை. பெட்டி தூக்குபவருக்கு வேலையாலேயே சி.கே. சற்று ஏறியிருக்கும் என்பதால், ஓய்வெடுத்த பிறகு இரத்தம் கொடுப்பது நல்லது. ஸ்டாடின் வலி பெரும்பாலும் இரு தொடைகளிலும் ஒரே மாதிரி வந்து, மருந்தை நிறுத்திய சில வாரங்களில் தணியும். ஒரு பக்கத்து இடுப்பிலிருந்து கீழே இறங்கும் வலி வேறு கதை.

முதல் மாற்று ரோசுவாஸ்டாடின். இது நீரில் அதிகம் கரைவதால் தசைக்குள் எளிதில் நுழையாது, கல்லீரலோ தனிக் கடத்திகள் வழியாக இதை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பார்கள். அந்த வாதம் அழகானது. ஆனால் பெரிய ஆய்வுகளில் தசைவலி விகிதத்தில் அத்தகைய பெரிய வேறுபாடு தென்படவில்லை. என் பார்வையில் இதன் உண்மையான அனுகூலம், 5 மி.கி. என்ற சிறு அளவிலேயே ஏறத்தாழ 40 சதவீதம் குறைப்பதுதான்: 162 என்பது 97 ஆகும். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசிட்டிமைபைச் சேர்த்தால் 80-ஐ ஒட்டி வரும்.

அடுத்தது பெம்பெடோயிக் அமிலம். இது அதே தயாரிப்பு வழியில் ஸ்டாடினுக்கு முந்தைய படியைத் தடுக்கிறது. விழுங்கும்போது செயலற்றிருக்கும் இதைச் செயல்பட வைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. எனவே தசையைத் தொடாது என்ற வாதம் இங்கே கூடுதல் வலுவுடன் நிற்கிறது. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாத ஏறத்தாழ 14,000 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு உள்ளிட்ட பெரிய இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன. ஆனால் இது யூரிக் அமிலத்தை ஏற்றும். நம் தொழிலாளிக்கு ஏற்கெனவே கால் கட்டைவிரல் மூட்டு வீங்கும் கவுட் இருந்தால், அன்றாடம் நெத்திலியும் மத்தியும் சேரும் சாப்பாட்டோடு இது அவருக்கு ஆகாது. எசிட்டிமைபுடன் சேர்த்தாலும் 38 சதவீதம்தான், அதாவது 100-ஐ ஒட்டியே நிற்கும்.

எனவே இவருக்கு நான் வரிசைப்படுத்துவது இப்படி: சில வாரம் நிறுத்திப் பார்த்து, வலி தணிந்தால் ரோசுவாஸ்டாடின் 5 மி.கி.; அதுவும் வலித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்; அப்போதும் முடியாவிட்டால், கவுட் இல்லையெனில், பெம்பெடோயிக் அமிலம். இவை அனைத்தும் மருத்துவரிடம் சொல்லிச் செய்ய வேண்டியவை. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனாலோ, படி ஏறமுடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், சி.கே. இயல்பு வரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டியிருந்தால் சிறுநீரகமே பழுதாகக்கூடும்.